மாதம் ஏழு தரம் பிடிக்கும் ரூ.27.14

கேள்வி: ஐயா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேனுங்க. சனிக்கிழமைதோறும் சம்பளம் பேங்கில் ஏறும். கார்டு தம்பிகிட்ட இருக்கும். போன மாதம் கம்பெனி பக்கத்து ஏ.டி.எம்.மில் ஒன்பது தடவைதான் பணம் எடுத்தோம். ஐந்து இலவசம் போக நாலுக்குத்தானே பிடிக்க வேண்டும்? ரூ.27.14 ஏழு தடவை, ரூ.12.98 நாலு தடவை, ரூ.23.60 ஒரு தடவை பிடித்திருக்கிறார்கள். சீட்டுப் பணம் ரூ.50,000-ஐக் கணக்கிலேயே வைத்தால் எத்தனை தடவை எடுத்தாலும் இலவசம் என்கிறார் பேங்க்காரர். மாறிக்கொள்ளட்டுமா? நகைக் கடனும் 9% வட்டியில் இருக்குங்க.

பதில்: மாற வேண்டாம் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஏழு எப்படி வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் பிடித்தம் சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் கம்பெனி பக்கத்து மெஷின் வேறு வங்கியுடையது. வேறு வங்கி மெஷினில் மாதம் ஐந்து இலவசம் என்பது பணம் எடுப்பதற்கு மட்டும் அல்ல. மீதி எவ்வளவு என்று பார்த்தாலும் அது ஒரு தடவை. நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டில் அது தெரியாது, பணம் எடுத்தது மட்டுமே பதியும். இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: முதல் சனிக்கிழமை மதியம் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்த்தீர்கள், சாயங்காலம் மறுபடி பார்த்தீர்கள், பிறகு எடுத்தீர்கள். மூன்று முடிந்தது. செவ்வாய்க்கிழமை தம்பி மீதியைப் பார்த்துவிட்டு ரூ.500 எடுத்தார். ஐந்தும் தீர்ந்தது, மாதம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிச்சம் ஏழு தடவைக்கும் ரூ.23, அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ.27.14. இந்த ரூ.23 என்ற உச்ச வரம்பை 2025 மே 1 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ரூ.12.98 என்பது இலவசம் தீர்ந்த பிறகு மீதி பார்த்ததற்கு. ரூ.23.60, கணக்கில் பணம் இல்லாத வெள்ளிக்கிழமை தம்பி எடுக்கப் பார்த்ததற்கான அபராதம்.

கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாவற்றுக்கும் இந்த ஐந்துதான். மூன்று என்பது சென்னை, பெங்களூரு போன்ற ஆறு பெருநகரங்களுக்கு. எந்த வங்கியின் பெயரும் இல்லாமல் கடையோரம் நிற்கும் மெஷின்கள், யாருடைய கார்டைப் போட்டாலும் வேறு வங்கிக் கணக்கில்தான் சேரும். மெஷினில் நோட்டு இல்லாமலோ கோளாறாலோ பணம் வராமல் போனால் மட்டும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் வங்கியில் எழுதிக் கொடுங்கள், பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும்.

மொத்தம் சுமார் ரூ.265. வருடத்துக்கு ரூ.3,180 பக்கம். ஆனால் எனக்கு உறுத்துவது தம்பியின் ஐந்நூறுகள். ரூ.500 எடுக்க ரூ.27 கொடுப்பது நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல். அவர் தேவைப்பட்டபோதெல்லாம் எடுக்கிறார், மாதம் எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. கடிதத்திலும் அந்தத் தொகை இல்லை. பின் நம்பரை நீங்களாகவே கொடுத்துவிட்டு, நாளை ஏதாவது தப்பு நடந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்புதான். கூடப்பிறந்தவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்டை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வங்கி மெஷினிலேயே பின்னை மாற்றுங்கள். வாரம் இவ்வளவு என்று பேசிவைத்து, சனிக்கிழமை அவர் கணக்குக்கு யு.பி.ஐ.யில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்க மெஷினுக்குப் போகவே வேண்டாம். எஸ்.எம்.எஸ். வரும், இல்லாவிட்டால் வங்கியின் மிஸ்டு கால் எண் இருக்கிறது, யு.பி.ஐ. ஆப்பிலும் பார்க்கலாம். வாரச் செலவை எண்ணி, சனிக்கிழமை ஒரே தடவையாக எடுங்கள். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில்கூட ஐந்துக்குள் முடிந்துவிடும். கம்பெனி பக்கத்து மெஷினையே பயன்படுத்தலாம், ஒரு ரூபாயும் போகாது.

இப்போது அந்த இலவசக் கணக்கு. ரூ.50,000-ஐ அங்கே முடக்கினால் சேமிப்பு வட்டி 2.5% என்று வைத்தாலும் வருடம் ரூ.1,250 வரும். அதே பணத்தை நகைக் கடனில் கட்டினால் 9% வட்டியில் ரூ.4,500 மிச்சம். வித்தியாசம் ரூ.3,250. இப்போது பிடிப்பதைவிட அதிகம்! மீதி குறைந்தால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கும், அதைப் பேங்க்காரர் சொன்னாரா என்று கேளுங்கள். சீட்டுப் பணத்தை இந்த வாரமே நகைக் கடனில் கட்டுங்கள், கட்டிய தொகை அசலில் கழிந்திருக்கிறதா என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.