91 நாள் டி-பில்: விலை ஏறினால் வட்டி இறங்கும்

"ரிசர்வ் வங்கி ஏல முடிவை ஷீட்டில் ஏற்றி, கட்-ஆஃப் ஏறினால் மெயில் வர வைத்தேன். வட்டி இறங்கும்போதுதான் வருகிறது. ஏன்?"

நீங்கள் ஒப்பிடுவது கட்-ஆஃப் விலையை, அதாவது ஏலத்தில் ஏற்கப்பட்ட மிகக் குறைந்த விலையை. அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான டி-பில், தள்ளுபடியில் விற்று 100 ரூபாயாகத் திரும்புவது. விலை இறங்கினால்தான் வட்டி ஏறும். B2-இல் விலை இருந்தால், வட்டியை C2-இல் இப்படி எடுங்கள்:

```
=ROUND((100-B2)/B2*365/91*100,2)
```

விலை 98.40 என்றால் 6.52%. அதுவே 98.36 ஆனால் 6.69%. நாலு பைசாவுக்கு இவ்வளவு நகர்வதால், 0.10%-க்குக் குறைவான ஏற்றத்துக்கு மெயில் வேண்டாம்.

182, 364 நாள் பில்களைத் தனி வரிசையில் வையுங்கள். கலந்தால் பொய் எச்சரிக்கைதான். விடுமுறையில் புதன் ஏலம் நாள் மாறும், அதனால் கிழமையை நம்பாமல் ஏலத் தேதியைப் பாருங்கள். மெயில் வரும்போது அந்த ஏலம் முடிந்திருக்கும். அடுத்த வார ஏலத்துக்குத்தான் கேட்க முடியும்.