ஒப்பீட்டுக் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இங்க்ஜெட், லேசர் பிரிண்டர்களை ஒப்பிட்டு எழுதினேன். அம்சங்களை எல்லாம் அட்டவணையாகப் போட்டும், "சரி, எதை வாங்கலாம்?" என்றே கேட்கிறார்கள். எப்படி எழுதுவது?

அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் மாறினால் வாங்கும் பொருளும் மாறுமோ, அதிலிருந்து தொடங்குங்கள். இங்கே அது, எவ்வளவு அடிக்கடி அச்சிடுவீர்கள் என்பது. வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் இங்க்ஜெட்டின் நுண்துளைகளில் மை காய்ந்து அடைக்கலாம். அதைச் சுத்தம் செய்யவும் மைதான் செலவாகும். லேசரின் டோனர் உலர்ந்த தூள், காய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே "எப்போதாவது கடிதம் அச்சிடுபவருக்கு" என்ற உபதலைப்பின் கீழ் கறுப்புவெள்ளை லேசரையும், "புகைப்படம் அச்சிடுபவருக்கு" என்பதன் கீழ் இங்க்ஜெட்டையும் காரணத்தோடு சொல்லுங்கள். வைஃபை போன்றவை இரண்டிலும் கிடைக்கும். ஒரு வரி போதும்.

நியாயம் சறுக்குவது பக்கச் செலவில்தான். பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் முழுதாக நிரம்பியிருக்காது. அதை வைத்துக் கணக்குப் போடாமல், தனியாக விற்கும் கார்ட்ரிட்ஜின் விலையை அதன் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். அந்த எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல்: கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752, வண்ண இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711 என அளவீட்டு முறையே வேறு, சோதனைப் பக்கங்களும் வேறு. சிறு வித்தியாசத்தை வைத்து வெற்றியாளரை அறிவிக்காதீர்கள். பல மடங்கு வித்தியாசம் இருந்தால் சொல்லலாம்.

இணைப்பு வழியாகக் கமிஷன் வருகிறதென்றால் அதை முதல் பரிந்துரைக்கு மேலேயே எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.