தப்பித்து வந்த ஃபேஜ் சொல்லும் வித்தியாசம்

கேள்வி: ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் ஏற்கெனவே இருக்கும்போது பாக்டீரியாவுக்கு கிரிஸ்பர் என்ற இன்னொரு காவல் எதற்கு? இரண்டும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜின் டிஎன்ஏவை வெட்டுகிற வேலைதானே?

வெட்டுவது இரண்டுக்கும் பொதுதான். எதைப் பார்த்து வெட்டுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காவலைத் தாண்டி வந்துவிட்ட ஒரு ஃபேஜை எடுத்துப் பார்த்தால் அது சட்டென்று விளங்கும்.

ஈகோ ஆர் ஒன் என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் GAATTC என்ற ஆறெழுத்து வரிசையைத் தேடி, G-க்கும் A-க்கும் நடுவே வெட்டும். அந்த வரிசை பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவிலும் நிறைய உண்டு. அதனால் கூடவே இன்னொரு என்சைம் இருக்கிறது. அது அதே வரிசையின் இரண்டாவது A மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடும். இந்த முத்திரை ஒட்டிய இடத்தில் வெட்டு விழாது. செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது புது இழையில் முத்திரை இருக்காதே என்று தோன்றும். அதிலும் முத்திரை விழும்வரை பழைய இழையில் இருப்பதே காப்பாற்றிவிடுகிறது. ஆக, இந்த என்சைமுக்கு ஃபேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. முத்திரை இல்லாத டிஎன்ஏ எதுவானாலும் அந்நியம், அவ்வளவுதான்.

இப்போது தப்பித்த ஃபேஜுக்கு வருவோம். ஈ. கோலை பாக்டீரியாவின் சி வகையில் இந்தக் காவல் இல்லை. கே வகையில் உண்டு (அதன் என்சைம் தேடும் வரிசை வேறு, தர்க்கம் இதேதான்). சி-யில் வளர்த்த லாம்டா ஃபேஜை இரண்டிலும் பரப்பினால், சி தட்டில் ஃபேஜ் செல்களைக் கொன்ற தெளிவட்டங்கள் பத்தாயிரம் வருகிற அளவுக்கு கே தட்டில் ஒன்று இரண்டுதான் வரும். அந்த ஒன்றை எடுத்து கே-யிலேயே வளர்த்து மறுபடி பரப்புங்கள். இரண்டு தட்டிலும் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாகிவிடும். முதன்முதலில் இதைச் செய்தபோது, எதிர்ப்புள்ள பிறழ்வு கிடைத்துவிட்டது என்றே நான் நம்பினேன். அப்புறம் அந்த ஃபேஜை ஒரே ஒரு முறை சி-யில் வளர்த்து கே-க்குத் திருப்பினேன். பழையபடி பத்தாயிரத்துக்கு ஒன்றாக இறங்கிவிட்டது! ஃபேஜின் மரபெழுத்தில் ஒன்றும் மாறவில்லை. வெட்டு விழுவதற்குள் அந்த ஒரு ஃபேஜின் மேல் முத்திரை விழுந்துவிட்டது. கே-க்குள் பிறந்த அதன் வாரிசுகளும் முத்திரையோடு வெளியே வந்தன. சி-யில் முத்திரை போட ஆளில்லாததால் அது கழன்றுபோனது. வெர்னர் ஆர்பரும் டெய்சி டுசுவாவும் 1962-இல் இது டிஎன்ஏவிலேயே இருக்கும் அடையாளம் என்று காட்டினார்கள்.

இந்தக் காவலின் பெரிய ஓட்டை இதுதான்: ஒரு செல் ஏமாந்தால் போதும், அதிலிருந்து வருகிற ஃபேஜ் மொத்தமும் அனுமதிச் சீட்டோடு வரும்.

கிரிஸ்பர் முத்திரையைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் படிக்கிறது. 2007-இல் பராங்கு குழுவினர் தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸை ஃபேஜால் தாக்கி, பிழைத்த செல்களைப் பார்த்தார்கள். அவற்றின் கிரிஸ்பர் வரிசையின் ஒரு முனையில், ஃபேஜிலிருந்து எடுத்த சுமார் 30 எழுத்து நீளமுள்ள துண்டுகள் புதிதாகச் செருகப்பட்டிருந்தன. இந்தத் துண்டுக்குப் பெயர் ஸ்பேசர். அதை நீக்கினால் எதிர்ப்பு போய்விடும். அதிலிருந்து எழுதப்படும் ஆர்என்ஏ வழிகாட்ட, கேஸ் புரதம் அதே வரிசையுள்ள ஃபேஜை வெட்டுகிறது. ஆனால் ஃபேஜில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் பேம் என்ற சிறு அடையாள வரிசையும் இருக்க வேண்டும். செல்லின் சொந்த சேமிப்பில் ஸ்பேசருக்குப் பக்கத்தில் பேம் கிடையாது. அதனால்தான் அது தன்னையே வெட்டிக்கொள்வதில்லை.

இதைத் தாண்டி வந்த ஃபேஜுக்கும் அதே சோதனையை வையுங்கள். ஸ்பேசர் இல்லாத செல்லில் ஒரு சுற்று வளர்த்துத் திருப்பினாலும் அது முன்போலவே தொற்றும். வரிசையைப் படித்தால் ஸ்பேசருக்குப் பொருந்தும் இடத்திலோ பேமிலோ பெரும்பாலும் ஓரெழுத்து மாறியிருக்கும். இது கழன்றுபோகிற முத்திரை அல்ல, பரம்பரையாக வருகிற மாற்றம். செல்லிடம் இரண்டு ஸ்பேசர் இருந்தால் ஒரே ஃபேஜில் இரண்டு இடமும் மாறியிருக்க வேண்டும்; அது மிக அரிது.

சரி, ஒன்றே போதாதா? போதாது. ஒன்று விடுகிற ஆளை மற்றது பிடிக்கிறது. ஃபேஜ்களை ஆராயும் மொய்னோவின் ஆய்வகம் இரண்டையும் ஒரே தெர்மோஃபிலஸில் வைத்து, மெத்தில் முத்திரையோடு வந்த ஃபேஜையும் கிரிஸ்பர் வெட்டுகிறது என்று 2013-இல் காட்டியது. ஆனால் கிரிஸ்பருக்கு ஒரு தவிப்பு உண்டு. புது ஃபேஜ் முதல்முறை நுழையும்போது அதற்கான ஸ்பேசர் செல்லிடம் இருக்காது. ஃபேஜ் கொல்வதற்குள் ஒரு துண்டை எடுத்துச் சேர்த்தாக வேண்டும். பெரும்பாலான செல்கள் அதற்குள் செத்துவிடும். அங்கே ரெஸ்ட்ரிக்‌ஷன் கைகொடுக்கிறது. அது ஃபேஜை வெட்டி முடக்கிவிட்டால் செல்லுக்கு அவகாசமும் கிடைக்கிறது, சேமிக்கத் துண்டும் கிடைக்கிறது. அதே ஆய்வகம் 2014-இல் பார்த்தபோது, ரெஸ்ட்ரிக்‌ஷன் உள்ள செல்களில் புது ஸ்பேசர் பெற்றவை கூடியிருந்தன. புற ஊதா ஒளியில் முடமாக்கிய ஃபேஜைக் கலந்தபோதும் அதேதான் நடந்தது.