புடவை விளம்பரத்தில் முகம் மாற்றுவது: யாரிடம் ஒப்புதல்?

"மாடல் வேறு கடைக்குப் போய்விட்டார். எங்கள் புடவைப் படங்களில் அவர் முகத்துக்குப் பதில் இன்ஸ்டாகிராமில் கிடைத்த ஒரு பெண்ணின் முகத்தை வைத்தோம். அவரை டேக் செய்தால் போதுமா?"

போதாது. படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். அவர் படத்தைப் பொதுவில் போட்டது உங்கள் புடவையை விற்க அல்ல. ஒருவரின் உருவத்தை அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த முகப்படத்தை எடுத்தவருக்குத் தனியாகப் பதிப்புரிமையும் உண்டு.

பலர் மறப்பது பழைய மாடலைத்தான். முகம் போனாலும் உடல் அவருடையது. கையில் பச்சை குத்தியிருந்தாலோ கழுத்தில் மச்சம் இருந்தாலோ தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். நிறம், அளவு திருத்தலாம் என்று மட்டும் இருந்தால், வேறொருவர் முகத்தை ஒட்ட அது இடம் தருவதாக நினைக்க வேண்டாம்.

முகம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். 'என் முகம் இன்னொருவர் உடலோடு இணைக்கப்படும்' என்று படிவத்தில் வெளிப்படையாக இருக்கட்டும். எந்தப் பொருளுக்கு, எங்கெல்லாம், எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்பதும் வேண்டும். முடிந்த படத்தைச் சின்னதாக அச்சிட்டு அதன் கீழேயே கையெழுத்து வாங்குங்கள். எதற்குச் சம்மதித்தார் என்ற தகராறு அப்புறம் வராது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், தலையை வெட்டி, முந்தானையும் கொசுவமும் மட்டும் தெரியும்படி படத்தைப் போடுவேன். அதற்கும் பழைய மாடலின் படிவம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.