ரெண்டு மில்லி இடைவெளி, மூணு தடவை பிளம்பர்

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி சின்ன நீச்சல் குளம். தண்ணி குளத்துக்கு திரும்ப வர்ற ரிட்டர்ன்ல எந்நேரமும் குமிழி வருது, பம்ப் மூடி வழியா பாத்தா பாதிதான் தண்ணி. பிளம்பர் மூணு தடவை வந்துட்டு பம்ப் வீக், புதுசு வாங்குங்கன்றார். வாங்கவா? (புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வாங்காதீங்க. புது பம்ப் மாட்டினாலும் அதே குமிழி வரும், ஏன்னா காத்து பம்ப்ல இருந்து வரல, பம்புக்கு முன்னாடி எங்கயோ உள்ள போகுது.

லைனை ரெண்டு பாதியா பிரிச்சு யோசிங்க. குளத்து ஓரத்துல மேல்மட்டத் தண்ணிய இழுக்குற ஸ்கிம்மர்ல இருந்து பம்ப் வரைக்கும் இழுக்குற பக்கம், பம்ப்ல இருந்து ஃபில்டர், ரிட்டர்ன் வரைக்கும் தள்ளுற பக்கம். தள்ளுற பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி வெளிய சொட்டும், யாரு கண்ணுக்கும் தெரியும். இழுக்குற பக்கம் ஓட்டை இருந்தா பம்ப் ஓடும்போது ஒரு சொட்டுகூட வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். அதனாலதான் உங்க பிளம்பர் ஜாயிண்டை எல்லாம் தொட்டுப் பாத்து காஞ்சுதான் இருக்குன்னுட்டு பம்ப் மேல பழியப் போட்டுட்டார்.

முதல்ல காசு செலவில்லாத ரெண்டைப் பாருங்க. தண்ணி மட்டம் ஸ்கிம்மர் வாய்க்கு பாதி அளவு இருக்கணும், அதுக்கு கீழ போனா, இல்ல உள்ள இருக்குற ஆடுற கதவு மேலயே மாட்டிக்கிட்டா, ஸ்கிம்மரே காத்தை உறிஞ்சும். அடுத்து பம்ப் மூடிக்கு அடியில இருக்குற ஓ-ரிங். கழட்டி மணல் இல்லாம துடைச்சு, வெடிப்பு இருந்தா மாத்துங்க, இல்லன்னா சிலிக்கான் கிரீஸ் லேசா தடவிப் போடுங்க. வாசலின் தடவாதீங்க, பெட்ரோலியம் பட்டா அந்த ரப்பர் சிலது உப்பிப் போயிரும்.

இது ரெண்டும் சரின்னா பம்ப் ஓடும்போதே இழுக்குற பக்கம் ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் ஷேவிங் நுரைய அப்புங்க. எந்த இடத்துல நுரை உள்ள குழிஞ்சு போகுதோ அதுதான் ஓட்டை. நுரை இல்லன்னா ஒரு கப் தண்ணிய மெதுவா ஊத்துங்க, அந்த நேரம் மட்டும் குமிழி குறைஞ்சா அந்த ஜாயிண்ட்தான்.

நான் அடிச்சு சொல்றேன், உங்களுக்கு பெரும்பாலும் பம்ப் வாயில கழட்டி மாட்டுற யூனியன்லயோ ஸ்கிம்மர் அடியிலயோதான் குழியும். ஏன்னா எனக்கும் அங்கதான் குழிஞ்சது. கெப்போங் வீட்டுல சின்ன குளம் கட்டும்போது ஆன்லைன்ல ஒரு ஸ்கிம்மர் செட் வாங்கினேன், பசை போட்டு ஒட்டுற வாய் 50 மில்லி. நம்ம ஹார்ட்வேர் கடையில கிடைக்குற ஒன்றரை இன்ச் பிவிசி பைப்போட வெளி விட்டம் 48 மில்லி சொச்சம். நுழைச்சா லொடலொடன்னு ஆடுது. கடைக்காரர்கிட்ட கேட்டேன், "சாமா சாஜா, பசைய கூடப் போடு"ன்னார், நானும் நம்பிட்டேன். பசைங்கறது இடைவெளிய நிரப்புற சிமெண்ட் இல்ல, அது ரெண்டு பிளாஸ்டிக்கையும் கரைச்சு ஒண்ணாக்குறது, ரெண்டும் இறுக்கி ஒட்டி உக்காந்தாதான் வேலை செய்யும். கிட்டத்தட்ட ரெண்டு மில்லி இடைவெளில பசை தோல் மாதிரி காயும், நாலு மாசம் பம்ப் அதிர்வுல விரிஞ்சிரும். என் ஸ்கிம்மர் கான்கிரீட்ல புதைஞ்சிருந்துச்சு, டைல்ஸ் உடைச்சு மறுபடி கட்ட 1,800 வெள்ளி போச்சு. இன்னைக்கும் அந்த ஒட்டுப்போட்ட டைல்ஸைப் பாத்தா மனசு ஆறல.

ரெண்டு இன்ச்லயும் இதே கதைதான், இங்க விக்கிற பைப் 60 மில்லி சொச்சம், வெளிநாட்டு ஃபிட்டிங் 63. ஒரு வெர்னியர் எடுத்து அளந்துருங்க, வாய்ல ‘ஒன்றரை, ஒன்றரை’ன்னு பேசிக்கிட்டே இருந்தா ரெண்டு பேரும் ரெண்டு பைப்பை நினைச்சுப் பேசுவீங்க.

சரி பண்ற வழி: ஆடுற ஜாயிண்டை மேல சிலிக்கான் அப்பி மூட வேணாம், வெட்டி எடுக்கணும். பம்ப் வாய்ல பெரும்பாலும் ஒன்றரை இன்ச் மரை இருக்கும், மரை அளவு இன்ச் பைப்புக்கும் மெட்ரிக் பைப்புக்கும் பெரும்பாலும் ஒண்ணுதான். ஹார்ட்வேர் கடையில வால்வ் சாக்கெட் கேளுங்க, ஒரு பக்கம் மரை, இன்னொரு பக்கம் நம்ம ஊர் இன்ச் பைப் ஒட்டுற வாய். மரைக்கு வெள்ளை டேப் சுத்தி கையால இறுக்கி அப்புறம் ஸ்பேனர்ல கொஞ்சம் மட்டும், பிளாஸ்டிக் மரைய ஓவரா இறுக்கினா பம்ப் வாயே வெடிக்கும், அப்ப நிஜமாவே புது பம்ப் வாங்கணும். பைப் ஒட்டும்போது துடைச்சு, ப்ரைமர் தடவி, ரெண்டு பக்கமும் பசை தடவி, கால் சுத்து திருப்பி அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க, மறுநாள் வரைக்கும் பம்பை போடாதீங்க.

அந்த பிளம்பருக்கு மூணு தடவை கொடுத்த காசு இருக்கே, ரசீதும் வாட்ஸ்அப் மெசேஜும் எடுத்து வைங்க. நுரை குழியுறத வீடியோ எடுங்க. அவரோட வேலைல குறை, அவரே சரி பண்ணணும்னு எழுத்துல கேளுங்க. மறுத்தா பயனீட்டாளர் திரிபியூனல் இருக்கு, 5 வெள்ளி கட்டணம், வக்கீல் தேவையில்ல, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். நீங்க ஏமாந்தவர், தயங்காதீங்க.

கேள்வி: 5க்கு 3 மீட்டர், 1.2 மீட்டர் ஆழம். காண்ட்ரேக்டர் 1.5 குதிரைசக்தி பம்ப் போடச் சொல்றார், பெருசா இருந்தா நல்லதுதானே? ஃபில்டர் 400 மில்லிமீட்டர் விட்டம் உள்ள டாங்கி ஏற்கனவே வந்துருச்சு. (செந்தூல்)

பதில்: நல்லதில்ல. குதிரைசக்திய சொல்லி பம்ப் விக்கிற இந்தப் பழக்கத்தப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

உங்க குளத்துல 5 பெருக்கல் 3 பெருக்கல் 1.2, ஆக 18 கன மீட்டர், அதாவது 18,000 லிட்டர். இது மொத்தமும் நாலு மணி நேரத்துல ஒரு தடவை ஃபில்டர் வழியா போனா போதும்னு வைங்க, மணிக்கு 4,500 லிட்டர். உங்க 400 மில்லி மணல் ஃபில்டர் மணிக்கு சுமார் 6,000 லிட்டர் வரைக்கும்தான் ஒழுங்கா வடிகட்டும். அப்ப நமக்கு வேண்டிய பம்ப் இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல. இந்த அளவுக்கு அரை குதிரைசக்தியே தாராளம், சிலதுக்கு அதுகூட அதிகம்.

1.5 போட்டா என்ன ஆகும்? அது மணிக்கு 15,000 லிட்டருக்கு மேல தள்ளப் பாக்கும். மணல் நடுவுல தண்ணி ஓட்டை போட்டு வழி பண்ணிக்கும், அழுக்கு அந்த வழியா திரும்ப குளத்துக்கே வரும், நீங்க குளோரின் மேல குளோரின் கொட்டுவீங்க, தண்ணி மங்கலாவே இருக்கும். ஒன்றரை இன்ச் இழுக்குற பைப்ல 4,500 லிட்டர் போனா தண்ணி வேகம் செகண்டுக்கு ஒரு மீட்டருக்குள்ள, நிம்மதியா போகும். 15,000 போகணும்னா மூணு மீட்டருக்கு மேல, இழுக்குற பக்கம் வேகம் செகண்டுக்கு ஒன்றரை மீட்டரத் தாண்டவே விடக்கூடாது. அவ்ளோ தண்ணி வந்து சேராது, பம்ப் பட்டினியா சுத்தும், உள்ள கூழாங்கல் உருளுற மாதிரி சத்தம் வரும், அந்த சத்தம் வந்தா பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கரண்டும் பாருங்க. 1.5 பம்ப் சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும், ஒரு நாள் 6 மணி நேரம் ஓட்டினா 9 யூனிட், மாசம் 270. அரை குதிரைசக்தின்னா மாசம் 100 யூனிட் பக்கம்.

கடையில குதிரைசக்தி கேக்காதீங்க. "8 மீட்டர் ஹெட்ல மணிக்கு எவ்ளோ லிட்டர்?"னு கேளுங்க, ஹெட்ன்னா பம்ப் தாண்ட வேண்டிய எதிர்ப்ப உயரமா மீட்டர்ல சொல்றது, பெட்டியிலயோ கேட்டலாக்லயோ அதுக்கு ஒரு வளைவுக் கோடு போட்ட படம் இருக்கும். அதைக் காட்ட முடியாதவர்கிட்ட பம்ப் வாங்க வேணாம். காண்ட்ரேக்டர் பிடிவாதம் பிடிச்சா இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போடச் சொல்லுங்க.

கேள்வி: ஸ்கிம்மர்ல இருந்து பம்புக்கு பச்சை தோட்டக் குழாய் போட்டு கிளிப் இறுக்கினா போதுமா? (கெப்போங்)

பதில்: போதாது. உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கும்.

கேள்வி: லைவ்ல ஒருத்தர் வித்தார்னு பம்ப், ஃபில்டர், ரெண்டு ரிட்டர்ன் எல்லாம் மொத்தமா வாங்கிட்டேன், முழுக் காசும் கட்டியாச்சு. குளம் இன்னும் தோண்டல. எந்த அளவுல தோண்டுனா இதுக்கு பொருந்தும்? (பாயான் லெப்பாஸ்)

பதில்: சட்டைய வாங்கிட்டு புள்ளைய பெத்துக்கிற கணக்கு. போன மாசமும் இதையே எழுதினேன், அளவு எடுக்காம வாங்காதீங்கன்னு. பெட்டிய பிரிக்கலன்னா இன்னைக்கே திருப்பிக் கேளுங்க. பிரிச்சிருந்தா பம்ப் தகடுல எழுதியிருக்குற ஓட்ட அளவையும் ஃபில்டர் மேல எழுதியிருக்குற அதிகபட்ச ஓட்டத்தையும் பாருங்க, பம்ப் ஓட்டம் ஃபில்டர் ஓட்டத்தை தாண்டினா ரெண்டுல ஒண்ணு வீணாப் போகும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது.

கேள்வி: ரிட்டர்ன் ரெண்டும் ஸ்கிம்மர் பக்கத்துலயே வச்சா பைப் மிச்சமாகும்னு சொல்றாங்க. (ஆயர் ஈத்தாம்)

பதில்: பைப் மிச்சமாகும், ஆனா வடிகட்டின தண்ணியே திரும்ப ஸ்கிம்மருக்குள்ள போகும், மறுபக்கம் இலை மிதக்கும். எதிர் பக்கம் வைங்க, மூக்கை கொஞ்சம் பக்கவாட்டா திருப்பினா தண்ணி சுத்தி வந்து இலைய ஸ்கிம்மர்கிட்ட கொண்டு சேர்க்கும். உங்க பக்கம் காத்து எந்தத் திசைல குப்பைய ஒதுக்குதுன்னு ரெண்டு நாள் பாருங்க, ஸ்கிம்மர் அந்த ஒதுங்குற மூலையில இருக்கணும்.

கேள்வி: அடியில ஒரே ஒரு டிரெயின் வச்சு நேரா பம்ப்ல இணைச்சிருக்கார். செலவு குறையும்றார். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. (செராஸ்)

பதில்: பம்பை நிறுத்துங்க, இந்தக் கடுதாசி படிச்ச உடனே. ஒரே டிரெயின்னா ஒரு பிள்ளையோட முதுகோ முடியோ அதை மூடினா மொத்த இழுப்பும் அங்கயே வரும், பெரியவர் இழுத்தாலும் எடுக்க முடியாது. அமெரிக்காவுல இப்படிப் பிள்ளைங்க செத்துத்தான் 2007ல பொதுக் குளங்களுக்கு தனிச் சட்டமே வந்துச்சு. ஒரு வழி, டிரெயின் ரெண்டா வைக்கணும், மூணு அடியாவது தள்ளி, ரெண்டும் ஒரே பைப்ல சேர்ந்து, நடுவுல தனித்தனி வால்வு இல்லாம, மேல குமிழ் மாதிரி இருக்குற, சிக்கிக்காத மூடி. இல்லன்னா டிரெயினே வேணாம், சின்னக் குளத்துக்கு ஸ்கிம்மர் மட்டும் போதும், அடியை கை வேக்கம்ல சுத்தம் பண்ணிக்கலாம். அந்த டிரெயின் பைப்பை பம்ப் பக்கத்துல வெட்டி மூடி போட்டு ஒட்டிட்டு, மறுநாள் சுவிட்சை போடுங்க.