அக்டோபரில் மாடி வேலை: நாகப்பட்டினம்

"கோவையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் குடிவந்தோம். தென்மேற்குப் பருவமழை விலகிவிட்டது என்கிறார்கள். அக்டோபரில் மாடியில் ஓடு பதிக்கலாமா?"

வேண்டாம், தள்ளிப்போடுங்கள். உங்கள் ஊருக்கு மழைக்காலமே இனிதான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும்; நவம்பர் உச்சம்.

ஜூன், ஜூலையில் வரும் மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, வறண்டு நம் பக்கம் வருகிறது. ஐப்பசி வாக்கில் வட இந்திய நிலம் குளிர, தாழ்வழுத்தம் தெற்கே வங்கக்கடலுக்கு நகர்கிறது. காற்றும் திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும். வழியெல்லாம் வெதுவெதுப்பான கடல். அங்கே ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று, கரை ஏறியதும் வேகம் குறைந்து குவிந்து மேலெழும்புகிறது. அதனால்தான் இங்கே மழை. பெரும்பாலும் நள்ளிரவில், விடியற்காலையில் திடீரென்று கொட்டும்.

அப்புறம் புயல்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா உங்கள் ஊருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை கடந்தது. ஆனால் எல்லாப் புயலும் மழை தராது. சில, ஆந்திரா பக்கம் போகும்போது ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே நிலக்காற்று வீசி நாலைந்து நாள் வெயில் அடிக்கும். அந்த இடைவெளியை நம்பி வேலை தொடங்கிவிடாதீர்கள். காற்று மறுபடி கடலிலிருந்து திரும்பினால் மழையும் திரும்பும்.

பிப்ரவரியில் தொடங்குங்கள். இப்போதைக்கு மாடி வடிகால் குழாயில் அடைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள்.