மாதத் திட்டத்தில் வாங்கிய வகுப்பு மணி நேரங்கள் காலாவதியாகுமா? இணையவழித் தனிப்பயிற்சி குறித்த கேள்வி பதில்

டர்பனில் இணையவழித் தனிப்பயிற்சி நிலையம் ஒன்றின் வகுப்பு அட்டவணையையும் கட்டணக் கணக்கையும் பல ஆண்டுகள் கவனித்து வந்த ஒரு வாசகி, தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்: மகளின் கணிதத்துக்கு மாதம் 8 மணி நேர வகுப்பு, 2000 ராண்ட் திட்டம். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும் என்றார்கள். பிப்ரவரியில் 2 மணி மிஞ்சியது, மார்ச்சில் 7 மணி படித்தாள். ஏப்ரலில் பார்த்தால் 1 மணிதான் சேர்ந்திருக்கிறது. அக்கா, கணக்கு எங்கே தவறியது?

கணக்கு தவறவில்லை அம்மா. உங்களிடம் சொல்லப்படாத ஒரு விதியின்படி அது சரியாகவே போடப்பட்டிருக்கிறது. மார்ச் மாதம் உங்கள் கையில் பிப்ரவரியின் 2 மணியும் மார்ச்சின் 8 மணியும் இருந்தன. மகள் படித்த 7 மணியை இவற்றுள் எதிலிருந்து முதலில் கழிப்பது என்பதுதான் கேள்வி. பழையதை முதலில் கழித்தால், பிப்ரவரியின் 2 மணியும் மார்ச்சின் 5 மணியும் செலவாகி, மார்ச்சின் 3 மணி ஏப்ரலுக்குச் செல்லும். புதியதை முதலில் கழித்தால், 7 மணியும் மார்ச்சின் கணக்கிலிருந்தே போய், அங்கே 1 மணிதான் மிஞ்சும். தொடப்படாமல் கிடந்த பிப்ரவரியின் 2 மணி மார்ச் முடிவில் காலாவதியாகிவிடும். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது முறை. மணிக்கு 250 ராண்ட் வீதம், கைவிட்டுப் போனது 500 ராண்ட்.

மிச்சம் அடுத்த மாதத்துக்குச் செல்லும் என்ற வாக்குறுதி இரண்டு முறைகளிலும் பொய்யாவதில்லை என்பதே இதிலுள்ள சூழ்ச்சி. புதியதை முதலில் கழிக்கும் நிலையத்தில், ஒரு மாதத்துக்குரிய 8 மணியையும் முடித்து அதற்கு மேலும் படித்தால்தான் பழைய மணியைத் தொடவே முடியும். அப்படிப் படிக்கிற பிள்ளைக்கு மிச்சம் விழுவதே அரிது. ஆகவே சேரும் முன், "எந்த மாதத்து மணி முதலில் கழியும்?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள், முந்தைய மாத மிச்சம் இருக்கும்போது ஒரு வகுப்பு முடிந்த மறுநாள் கணக்குப் பக்கத்தைத் திறந்து, பழைய மிச்சம் குறைந்ததா, புதிய மாத மணி குறைந்ததா என்று பார்த்தால் போதும். இரண்டையும் பிரித்துக் காட்டாமல் ஒரே மொத்தமாகக் காட்டுகிற பக்கமாக இருந்தால், எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

பீனிக்ஸிலிருந்து ஒருவர்: இதற்கெல்லாம் ஏன் கவலை? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முன்பணம் கட்டியது மூன்று ஆண்டுகளுக்குக் காலாவதியாகாது. 63-ஆம் பிரிவைக் காட்டினால் முடிந்தது.

நீங்கள் சொல்வதில் பாதி உறுதியானது ஐயா. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. முன்பணத்துக்கு விற்ற சான்றிதழ், அட்டை, வரவு, வவுச்சர் போன்றவை, முழு மதிப்பும் பயன்படுத்தப்படும் வரையோ வழங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரையோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும் என்று அது கூறுகிறது. ஒரு நிலையம் இருபது மணியை மொத்தமாக விற்று, "வேண்டும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், அது இந்தப் பிரிவுக்கு மிக அருகில் வருகிறது என்பது என் கருத்து. அத்தகைய மணிகளுக்கு மூன்று மாதக் கெடு விதிக்கும் நிலையத்திடம் இந்தப் பிரிவைச் சுட்டி எழுதத் தயங்க வேண்டியதில்லை.

மாதத் திட்டம் அவ்வளவு எளிதன்று. அங்கே நீங்கள் வாங்கியது வரவு அல்ல, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆசிரியர் உங்களுக்காகக் காத்திருக்கும் சேவையே என்று நிலையம் வாதிடும். பிள்ளை வராவிட்டாலும் அந்தச் சேவை அளிக்கப்பட்டுவிட்டது என்பது அவர்கள் நிலை. இரு தரப்புக்கும் வாதிட இடமிருப்பதால், வெற்றி உறுதி என்று நான் சொல்லமாட்டேன். எனினும், அதே நிலையம் தன் பக்கத்தில் இந்த மணிகளை "வரவு" என்றே அழைத்து, மிச்சத்தை எண்ணிக் காட்டி, நேரத்தையும் நிலையாக ஒதுக்காமல் விட்டிருந்தால், அவர்களுடைய வாதம் வலுவிழக்கிறது. விதிகளை எளிய நடையில் எழுத வேண்டும் என்னும் 22-ஆம் பிரிவும், நியாயமற்ற நிபந்தனைகளைத் தடுக்கும் 48-ஆம் பிரிவும் அப்போது உங்களுக்குத் துணை நிற்கும். வெளிநாட்டு நிலையமாக இருந்தால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை நடைமுறைப்படுத்துவது கடினம்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தந்தை: ஆசிரியை லண்டனில் இருக்கிறார். எப்போதும் மாலை 6 மணிக்குத்தான் வகுப்பு. மார்ச் இறுதியில் ஒரு நாள் 6 மணிக்கு நுழைந்தால், "மாணவர் வரவில்லை, மணி கழிக்கப்பட்டது" என்று வந்தது. நாங்கள் தாமதிக்கவே இல்லை.

உங்கள் கடிகாரம் சரி, அவருடையதும் சரி. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று திருப்பி வைப்பார்கள். நம் நாட்டில் அந்த வழக்கமில்லை. குளிர்காலத்தில் லண்டன் மாலை 4 மணி நமக்கு 6 மணி; கோடையில் அதே 4 மணி நமக்கு 5 மணி. வாராந்தர வகுப்பு ஆசிரியையின் நேரப்படி பதிவாகியிருந்தால், அந்த ஞாயிறுக்குப் பின் வகுப்பு உங்களுக்கு ஒரு மணி முன்னதாகவே தொடங்கிவிடும். சென்னை ஆசிரியரிடம் இந்தத் தொல்லை கிடையாது. இந்தியாவும் கடிகாரத்தை மாற்றுவதில்லை, வேறுபாடு ஆண்டு முழுவதும் மூன்றரை மணி நேரமே.

இந்த மணியைத் திரும்பக் கேளுங்கள், ஆனால் வாதத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். உங்களுக்கு வந்த நினைவூட்டல் செய்தியில் எந்த நேரம் இருந்தது என்று முதலில் பாருங்கள். அதில் 6 மணி என்றிருந்தால் தவறு அவர்களுடையது. அந்தச் செய்தியைப் படமெடுத்து அனுப்பினால் மறுப்பது கடினம். 5 மணி என்றிருந்தால் அது கருணை மனுவாகத்தான் இருக்கும். முதல் முறை என்றால் பல நிலையங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன் சொன்னால் நேரம் மாற்றலாம் என்ற விதியும் வகுப்பின் உண்மையான தொடக்கத்திலிருந்தே எண்ணப்படுகிறது. அந்த வாரத்தில் முந்தைய நாள் மாலை ஐந்தரைக்கு மாற்றக் கேட்டவரும் அரை மணியில் தவறவிட்டிருப்பார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பாட்டி: பேரனின் பழைய வகுப்புகளின் ஒளிப்பதிவுகள் ஒரு மாதத்தில் மறைந்துவிடுகின்றன. அதுவும் இந்தக் காலாவதிதானா? பணத்தைத் திருப்பித் தருவார்களா?

அது வேறு அம்மா. பதிவுகளைச் சேமித்து வைக்கும் காலத்துக்கும் வகுப்பு மணிக்கும் தொடர்பில்லை. பதிவு மறைந்ததால் மணி குறைந்திருக்காது. தேவையானதை மறையும் முன் பேரனைக் கொண்டு பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லெனேசியாவிலிருந்து ஒரு தாய்: மகனுக்குக் காய்ச்சல். ஜூன் 30 வகுப்பை இரண்டு நாள் முன்பே சொல்லி ஜூலை 2-க்கு மாற்றினேன். விதிப்படிதான் செய்தேன். ஆனாலும் ஒரு மணி காணவில்லை.

மாற்றியது விதிப்படிதான், மாதத்தின் எல்லையைக் கடந்ததில்தான் சிக்கல். பல அட்டவணை மென்பொருள்கள் "மாற்றுதல்" என்பதை இரண்டு செயல்களாகவே செய்கின்றன: பழைய வகுப்பை நீக்கி அதன் மணியை ஜூன் கணக்கில் திரும்ப வைக்கும், பின்பு புதிய வகுப்பை ஜூலை கணக்கில் எழுதும். உங்கள் திட்டத்தில் மிச்சம் அடுத்த மாதத்துக்குச் செல்லாது என்றால், ஜூனுக்குத் திரும்பிய அந்த மணி 30-ஆம் தேதி நள்ளிரவில் அழிந்திருக்கும், ஜூலையின் 8 மணியில் ஒன்றும் குறைந்திருக்கும். ஜூலை தொடங்கியதும் உங்கள் கணக்கு 8 என்று காட்டாமல் 7 என்று காட்டியிருந்தால் நடந்தது இதுதான். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை; "ஜூன் மாத வகுப்பாகவே கொள்ளவும்" என்று எழுதினால் பொறுப்பாளர் கையால் திருத்திவிடலாம். மாத இறுதி வாரத்தில் நேரம் மாற்றும்போது, பொத்தானை அழுத்தாமல் செய்தி அனுப்பி மாற்றச் சொல்வது நல்லது.

ஆசிரியரே வகுப்பை ரத்து செய்யும்போதும் இதே ஓட்டை உண்டு. திரும்பி வரும் மணிக்கு, ரத்தான நாளிலிருந்து புதிய கெடு தர வேண்டும். பழைய கெடுவோடு திருப்பினால், 29-ஆம் தேதி ரத்தான வகுப்பை ஒரே நாளில் படித்து முடிக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டோரியாவிலிருந்து ஓர் ஆசிரியை: பெற்றோர் பக்கமே பேசுகிறீர்கள் அக்கா. எனக்குப் பத்து மாணவர்கள். ஆளுக்கு மூன்று மணி சேர்த்து வைத்து, மெட்ரிக் தேர்வுக்கு முன் அக்டோபரில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டால் முப்பது மணிக்கு நான் எங்கே போவேன்? கெடு இல்லாமல் எப்படி நடத்துவது?

உங்கள் கவலை நியாயமானதே, நானும் அந்த அக்டோபர்களைப் பார்த்திருக்கிறேன். கெடுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மிச்சம் ஒரு மாதத்துக்குச் செல்லும், பழையது முதலில் கழியும், எந்நேரமும் மூன்று மணிக்கு மேல் சேராது என்று மூன்று வரியில் எழுதிவிட்டால் உங்கள் முப்பது மணிக்கு ஓர் உச்சவரம்பு கிடைக்கும். அந்த முப்பதும் ஒரே மாதத்தில் வரலாம் என்ற இடர் அப்போதும் தீராது. அக்டோபரில் மட்டும் மிச்ச மணியைக் குழு வகுப்பாக மாற்றும் ஆசிரியர்கள் உண்டு. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டிய பெற்றோர் அதை ஏற்க வேண்டுமா என்பதில் எனக்கே இருமனம்.

நிலையான கிழமையில் நடத்துகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் எழுதி வையுங்கள். வாரம் 2 மணி என்றால் 52 வாரத்துக்கு 104 மணி. மாதம் 8 மணி என்றால் ஆண்டுக்கு 96. ஐந்து செவ்வாய் வருகிற மாதத்தில் அந்த ஐந்தாவது வாரம் விடுமுறையா, தனிக் கட்டணமா, மிச்சத்திலிருந்து கழியுமா? என்னைக் கேட்டால் மிச்சத்தைக் கரைக்க அதைவிட நல்ல வாரம் கிடையாது.

சாட்ஸ்வர்த் தாய், மீண்டும்: நன்றி அக்கா. நான் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். இன்றே எழுதினால் போதுமா?

ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இன்றே எழுதாதீர்கள். சில திட்டங்களில் நிறுத்திய கணத்திலேயே மிச்ச மணி அழியும். வேறு சிலவற்றில் கட்டிய மாதம் முடியும் வரை பயன்படுத்தலாம். முதல் வகை என்றால் வகுப்புகளை முடித்த பிறகு எழுதுங்கள். ஆண்டுத் திட்டம் போலக் காலவரையறை உள்ள ஒப்பந்தம் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நியாயமான அளவு விலகல் கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு.

வேலைநாளைக் கையால் எண்ணிப் பாருங்கள். ஜூன் 2 திங்கட்கிழமையாக வரும் ஆண்டில் அன்று அறிவித்தால், சனி ஞாயிறும் 16-ஆம் தேதி இளைஞர் தின விடுமுறையும் நீங்க, இருபதாவது வேலைநாள் ஜூலை 1-இல் விழும். டெபிட் ஆர்டர் ஒன்றாம் தேதி என்றால் இன்னொரு 2000 ராண்ட் எடுக்கப்படும். மே இறுதி வெள்ளிக்கிழமையே எழுதியிருந்தால் ஜூன் 30-உடன் முடிந்திருக்கும். அறிவிப்பிலேயே கடைசி நாளையும் அன்றைய மிச்ச மணியையும் குறிப்பிட்டு, அந்த மணிகளைப் படிக்க இரண்டு வகுப்பு நேரங்களையும் கேட்டு எழுதுங்கள்.